சத்தம் வருது, ஆளைக் காணோம்!

தென்காசியில் அத்தை வீட்டுக் கூடம். பேத்தியின் காதுகுத்து வீடியோ பார்க்கப் பத்துப் பதினைந்து பேர் பாயிலும் நாற்காலியிலும் இடம் பிடித்திருந்தோம். டிவியின் பக்கவாட்டில் பென் டிரைவைச் செருகி, ரிமோட்டில் பைலைத் தேர்ந்தெடுத்ததும் நாதஸ்வரம் கணீரென்று ஒலித்தது. பின்னாலேயே குழந்தையின் அழுகை, "மாமன் மடியில வையுங்க" என்று யாரோ போட்ட சத்தம், பெண்களின் குலவை. எல்லாம் துல்லியமாகக் கேட்டன. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"ஏலே, சத்தம் வருது, ஆளைக் காணலியே!" என்றார் அத்தை.

பென் டிரைவைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினோம். டிவியை அணைத்துப் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. அதே பென் டிரைவை என் லேப்டாப்பில் செருகினால் படம் பளிச்சென்று ஓடியது. மறுநாள் காலை, அந்த வீடியோவை டிவிக்காக மாற்றிக்கொடுத்த கடைக்குப் போனோம். கடைப் பையன் கணினியில் பைலைத் திறந்து காட்டி, "அண்ணே, எம்பி4-ஆத்தான் மாத்திக் குடுத்திருக்கேன். பைல்ல ஒரு குறையும் இல்ல. உங்க டிவிதான் பழசு" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. பைல் எம்பி4தான், பழுதும் இல்லை. டிவி 2012-இல் வாங்கியது, அதிலும் பழுது இல்லை. 'மாற்றுவது' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருப்பதுதான் சிக்கல். கடையில் நடந்தது ஒரு வேலை, டிவிக்குத் தேவைப்பட்டது மற்றது.

கேரியர் வேறு, சாப்பாடு வேறு

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, மூவ் என்று பைல் பெயரின் வாலில் நாம் பார்ப்பவை வீடியோவின் வகைகள் அல்ல. அவை டிபன் கேரியர்கள். கேரியரின் ஓர் அடுக்கில் படம், இன்னொன்றில் ஒலி, சில சமயம் மூன்றாவதில் சப்டைட்டில் இருக்கும். எந்த நொடியில் எந்த ஒலியும் எந்தப் படமும் சேர வேண்டும் என்ற நேரக் குறிப்பையும் கேரியரே வைத்திருக்கும்.

ஒவ்வோர் அடுக்கிலும் இருப்பதை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது தனி விஷயம். அந்த முறைக்குத்தான் கோடெக் என்று பெயர். எம்பி4 என்ற ஒரே கேரியருக்குள் எச்.264 என்ற முறையில் சுருக்கிய படமும் இருக்கலாம், அதற்கு அடுத்த தலைமுறையான எச்.265 முறையில் சுருக்கியதும் இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் '.mp4' என்றே தெரியும்.

டிவி செய்வது இதுதான்: கேரியரைத் திறக்கிறது, அடுக்குகளைப் பிரிக்கிறது, ஒலி அடுக்கை ஒலி டிகோடரிடமும் பட அடுக்கைப் பட டிகோடரிடமும் கொடுக்கிறது. இரண்டும் தனித்தனிப் பாதை. பட டிகோடர் 'இது எனக்குத் தெரியாது' என்று கைவிரித்தாலும் ஒலி டிகோடர் தன் வேலையைச் செய்துகொண்டே போகும். சில டிவிகள் இந்த நிலையில் பைலை அடியோடு மறுத்துவிடும். சில, படம் ஆதரிக்கப்படவில்லை என்று ஒரு வரி காட்டும். அத்தை வீட்டு டிவியைப் போலச் சில, ஒன்றும் சொல்லாமல் நாதஸ்வரம் மட்டும் வாசிக்கும்.

படம் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறது?

போன் வீடியோக்களின் ஒலி பெரும்பாலும் ஏஏசி என்ற முறையில் இருக்கும். அது 1997-லேயே தரமாக்கப்பட்டது. 2012-ஆம் ஆண்டு டிவிக்கு அது நன்கு பழகிய சரக்கு. தவிர, ஒலி என்பது சின்ன வேலை. ஸ்டீரியோ ஒலிக்கு நொடிக்கு 48,000 எண்கள் வீதம் இரண்டு வரிசைகள், ஆக 96,000 எண்கள்தான். எந்தச் சாதாரணச் சில்லும் இதை மென்பொருளாலேயே பிரித்துவிடும்.

படத்தின் கணக்கு வேறு. முழு எச்டி படத்தில் 1920-க்கு 1080 புள்ளிகள், அதாவது ஒரு பிரேமுக்கு இருபது லட்சத்துக்கு மேல். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஆறு கோடிப் புள்ளிகள். டிவியில் இருக்கும் சிறிய செயலியால் இதை மென்பொருள் வழியாகச் செய்து முடிக்க இயலாது. அதனால் பட டிகோடரைச் சில்லுக்குள்ளேயே தனி மின்சுற்றாகப் பதித்துவிடுகிறார்கள். அந்தச் சுற்று தனக்குச் சொல்லிக்கொடுத்ததை அசுர வேகத்தில் செய்யும். சொல்லிக்கொடுக்காததைச் செய்யவே செய்யாது.

எச்.264 தரம் 2003-இல் வந்தது. 2012 டிவியின் சுற்றில் அது இருந்தது. எச்.265 தரமானது 2013-இல்தான். தான் கடைக்கு வந்த பிறகு பிறந்த ஒரு முறை அந்த டிவிக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. பழைய முறை படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கும். புதிய முறை, தேவைக்கேற்ப 64-க்கு 64 வரை பெரிய கட்டங்களை எடுத்துக்கொள்ளும். ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தில் படத்தை அடைக்க அது கையாளும் வழிகளில் இதுவும் ஒன்று. 16-க்கு 16 என்று வரைந்த சுற்றை, இணையத்தில் இறக்கிய அப்டேட்டைப் போட்டு 64-க்கு 64 ஆக்க முடியாது.

லேப்டாப்பில் எப்படி ஓடியது என்ற கேள்வி வரும். புதிய லேப்டாப் சில்லுகளில் எச்.265 சுற்று இருக்கிறது. இல்லாத லேப்டாப்பிலும் விஎல்சி போன்ற மென்பொருள் முக்கியச் செயலியின் பலத்தை வைத்தே ஓட்டிவிடும். ஆகவே கடைக்காரரின் கணினியில் ஓடியது என்பது உங்கள் டிவியில் ஓடும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

பத்து நொடியில் முடிந்த வேலை

பைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். பைலை அதில் இழுத்துப் போட்டால் அடுக்கு வாரியாக விவரம் சொல்லும். போனில் எடுத்த மூலப் பைல், கடையில் மாற்றிய பைல் இரண்டையும் போட்டேன். இரண்டிலும் `Video` என்ற தலைப்பின் கீழ் இருந்தவை ஒன்றே:

```
Format             : HEVC
Bit depth          : 10 bits
Chroma subsampling : 4:2:0
```

`HEVC` என்பது எச்.265-இன் இன்னொரு பெயர். கடையில் மாற்றியிருந்தது வெளிக் கேரியரை மட்டும்தான். மூவ் கேரியரில் இருந்த அடுக்குகளை அப்படியே தூக்கி எம்பி4 கேரியரில் வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த சாப்பாடு அதேதான்.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருளே வேண்டாம், இரண்டு அறிகுறிகள் போதும். இருபது நிமிட வீடியோ பத்து நொடியில் 'மாறி' முடிந்தால் அது கேரியர் மாற்றம்தான். பழைய பைலும் புதிய பைலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தாலும் அப்படியே சந்தேகிக்கலாம். பட அடுக்கை அவிழ்த்து, ஒவ்வொரு பிரேமாக வேறு முறையில் திரும்பச் சுருக்கினால் நிமிடக் கணக்கில் நேரம் பிடிக்கும். லேப்டாப்பின் விசிறி இரைவது கூடத்துக்கே கேட்கும். பைல் பெயரின் வாலை '.mov' என்பதிலிருந்து '.mp4' என்று கையால் மாற்றுவதோ இதைவிட மோசம். அதில் கேரியர்கூட மாறுவதில்லை, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டுதான் மாறுகிறது.

என் பங்குக்கு ஒரு தோல்வி

காரணம் தெரிந்துவிட்டது என்ற மிதப்பில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியை எடுத்தேன். படத்தை எச்.264-ஆக மாற்று என்று கட்டளை கொடுத்தேன்:

```
ffmpeg -i kadhukuthu.mov -c:v libx264 -c:a aac tv1.mp4
```

அரை மணி நேரம் ஓடியது. பென் டிரைவில் ஏற்றி டிவியில் போட்டேன். மறுபடியும் நாதஸ்வரம், மறுபடியும் கறுப்புத் திரை. அத்தை இம்முறை ஒன்றும் சொல்லவில்லை, காபி போட எழுந்து போய்விட்டார்.

புதிய பைலை மீடியாஇன்ஃபோவில் போட்டதும் விடை கிடைத்தது. `Format` என்ற இடத்தில் `AVC` என்று இருந்தது. அது எச்.264-இன் மறுபெயர், சரிதான். ஆனால் அதற்கு அடுத்த வரிகள்:

```
Format profile : High 10@L4
Bit depth      : 10 bits
```

சாதாரண வீடியோவில் ஒரு புள்ளியின் ஒவ்வொரு கூறும் 8 பிட் எண்ணாக இருக்கும். அதாவது வெளிச்சத்துக்கு 256 படிகள். எச்டிஆர் என்ற பளபளப்பான முறையில் எடுக்கும் வீடியோவில் 10 பிட், 1024 படிகள். அத்தை மகனின் புதுப் போன் எச்டிஆரில் எடுத்திருந்தது. நான் கோடெக்கை மாற்று என்றேனே தவிர, 8 பிட்டுக்கு இறக்கு என்று சொல்லவில்லை. கருவி தன் போக்கில் தரத்தைக் குறைக்காமல் 10 பிட்டையே காப்பாற்றிக் கொடுத்துவிட்டது.

எச்.264 என்ற ஒரே பெயருக்குள்ளும் புரொஃபைல் என்ற உட்பிரிவுகள் உண்டு. எச்டி ஒளிபரப்புக்கும் புளூரே தட்டுகளுக்கும் பயன்பட்டது 8 பிட்டில் உள்ள ஹை புரொஃபைல். டிவிச் சில்லு செய்தவர்கள் அதற்குத்தான் சுற்று வரைந்தார்கள். ஹை 10 என்ற 10 பிட் வகையை வீட்டு டிவிகளில் யாரும் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் எச்.264 தெரிந்த டிவி, எச்.264 பைலையே கறுப்பாகக் காட்டியது. பெயர் ஒத்துப்போனால் போதாது, உட்பிரிவும் ஒத்துப்போக வேண்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. புகைப்படங்களைக் கோத்துப் பின்னணியில் பாட்டுப் போட்டுச் செய்யும் ஸ்லைடு வீடியோக்களில் அதைப் பார்க்கலாம். டிவி எதிர்பார்க்கும் `4:2:0` என்ற முறையில் நிற விவரம் நான்கு புள்ளிகளுக்கு ஒன்று வீதம்தான் சேமிக்கப்படும். படக் கோப்புகளிலிருந்து செய்யும் வீடியோ சில நேரம் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறம் வைத்திருக்கும் `4:4:4` ஆக வெளிவந்துவிடும். அதற்கும் பழைய டிவியில் பாட்டு மட்டும்தான்.

ஓடிய கட்டளை

மூன்றாவது முறை, முழு வீடியோவையும் மாற்றிக்கொண்டு காத்திருக்கவில்லை. `-t 60` என்று சேர்த்து முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி டிவியில் சோதித்தேன். பழைய எச்டி டிவிக்குப் பொருந்தும்படி எழுதிய கட்டளை இது:

```
ffmpeg -i kadhukuthu.mov -t 60 -vf scale=1920:-2 \
 -c:v libx264 -profile:v high -level 4.0 \
 -pix_fmt yuv420p -crf 20 \
 -c:a aac -b:a 160k test.mp4
```

இதில் உயிர்நாடி `-pix_fmt yuv420p`. 8 பிட், 4:2:0 என்ற இரண்டு நிபந்தனைகளும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. `scale=1920:-2` என்பது 4கே வீடியோவாக இருந்தால் முழு எச்டி அளவுக்குச் சுருக்கும். `-level 4.0` என்பது, நொடிக்கு 30 பிரேம் ஓடும் முழு எச்டி படம் தாண்டாத எல்லை. போனில் நொடிக்கு 60 பிரேம் என்று எடுத்திருந்தால் அந்த எல்லை உடைந்துவிடும். அப்போது `-r 30` என்றும் சேர்க்க வேண்டும்.

ஒரு நிமிடத் துண்டு டிவியில் ஓடியது. கோயில் வாசலும், பந்தலும், மாமன் மடியில் வீறிட்டு அழும் குழந்தையும் தெரிந்தார்கள். பிறகு `-t 60` என்பதை எடுத்துவிட்டு முழுதையும் மாற்றினேன். ஒரு குறை மட்டும் இருந்தது. எச்டிஆர் படத்தை வெறுமனே 8 பிட்டாக இறக்கினால் நிறம் சற்றுச் சாம்பல் பூத்தது போலத் தெரியும். பட்டுப்புடவைச் சிவப்பு கொஞ்சம் வெளிறித்தான் வந்தது. அதைச் சரிசெய்யத் தனி வழிகள் உண்டு. எடுக்கும்போதே எச்டிஆரை அணைத்துவிடுவது அவற்றைவிட எளிது. ஐபோனில் `Settings`, `Camera`, `Record Video` என்று போனால் `HDR Video` என்ற பொத்தான் இருக்கிறது. அதே `Camera` பகுதியில் `Formats` என்பதில் `Most Compatible` என்று வைத்தால் எச்.265-க்குப் பதில் எச்.264-இலேயே எடுக்கும். பைல் ஏறக்குறைய இரு மடங்கு இடம் பிடிக்கும், ஆனால் பழைய டிவியும் காட்டும்.

கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்கு ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் `Fast 1080p30` என்ற தயார் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, `Video` பக்கத்தில் `Video Encoder` என்ற இடத்தில் `H.264 (x264)` இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே `H.264 10-bit (x264)` என்றும் ஒன்று இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டால் என் இரண்டாவது தோல்வி உங்களுக்கும் வாய்க்கும்.

டிவிடி பிளேயர் என்றால்

யுஎஸ்பி துளை உள்ள பழைய டிவிடி பிளேயர் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு எச்.264-ஏ தெரியாது. டிவக்ஸ், எக்ஸ்விட் என்ற பெயர்களில் புழங்கிய பழைய எம்பெக்-4 முறைதான் தெரியும். கேரியர் ஏவிஐ, ஒலி எம்பி3, படம் 720-க்கு 576 புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும். 'பிளேயருக்கு ஏவிஐ வேண்டும்' என்று கேள்விப்பட்டு எச்.264 படத்தை ஏவிஐ கேரியரில் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. பிளேயர் கேரியரைத் திறந்து எம்பி3 ஒலியை வாசிக்கும். படத்துக்குக் கைவிரிக்கும். அதற்கான கட்டளை:

```
ffmpeg -i kadhukuthu.mov -vf scale=720:-2 -c:v mpeg4 \
 -vtag xvid -q:v 4 -c:a libmp3lame -b:a 128k dvd.avi
```

கடைசியாக, எல்லாக் கோளாறுக்கும் கோடெக்கைக் குற்றம் சொல்லக் கூடாது. படம் வந்து ஒலி மட்டும் வராவிட்டால் ஒலி அடுக்கைப் பாருங்கள். டிடிஎஸ் போன்ற முறையில் இருந்தால் ஏஏசி-க்கு மாற்ற வேண்டும். படம் வந்து திக்கித் திக்கி ஓடினால் பிரேமும் பிட்ரேட்டும் அந்த டிவிக்கு அதிகம். பைலின் பெயரே பட்டியலில் தெரியாவிட்டால் பென் டிரைவை ஃபேட்32 முறையில் பார்மேட் செய்ய வேண்டியிருக்கலாம். அந்த முறையில் ஒரு பைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, நீண்ட வீடியோவைத் துண்டுகளாக்க வேண்டும். ஒலி முழுதாக வந்து, திரை முதலிலிருந்தே கறுப்பாக இருந்தால்தான் முதல் சந்தேகம் பட அடுக்கின் கோடெக்கின் மேலும் உட்பிரிவின் மேலும் விழ வேண்டும். டிவியோடு வந்த கையேட்டின் பின்பக்கங்களில் யுஎஸ்பி பைல்களுக்கு ஓர் அட்டவணை இருக்கும். எந்தக் கேரியர், எந்தக் கோடெக், எத்தனை பிரேம் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

இனி கடைக்குப் போனால் 'எம்பி4-ஆ மாத்திக் குடுங்க' என்று சொல்லாதீர்கள். 'எச்.264, 8 பிட், 1080, 30 பிரேம்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிடத் துண்டை வாங்கி வந்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்த பிறகு முழு வேலைக்கும் காசு கொடுங்கள். போனிலிருக்கும் மூலப் பைலை மட்டும் எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள். மாற்றிய பைல் இந்த டிவி இருக்கும் வரைக்கும்தான் உதவும். அடுத்த டிவிக்கு அந்த மூலம்தான் வேண்டியிருக்கும்.